ஆம்புலன்ஸ் ஏன் தாமதமாகவே வருகிறது?

ஐந்து வயதுப் பெண் குழந்தை. பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாள் நள்ளிரவில் அவளுடைய அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். 108 வந்து ஏற்றிக்கொண்டு போனது. பாப்பாவைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலையில் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. "அப்பா சாமிகிட்ட தூங்கறார்டா கண்ணு" என்று பெரியம்மா சொன்னார். மூன்றாம் நாளே பாப்பா மற்ற பிள்ளைகளோடு ஓடிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பாவம், ஒண்ணும் தெரியாத வயசு" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ராத்திரி தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நிறுத்தி இரண்டு வருடமான பிறகு மறுபடி படுக்கையை நனைத்தாள். அம்மா குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். தினமும் காலையில் வயிறு வலித்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைக் கடித்துவைத்தாள். நாலு மாதம் கழித்து, வகுப்பு டீச்சர் சொல்லி, அம்மா அவளை ஒரு ப்ளே தெரபி அறைக்கு அழைத்துப் போனார்.

பாப்பா தனி ஒரு குழந்தை இல்லை. இப்படிப்பட்ட அறைகளில் அடிக்கடி நடப்பவற்றை ஒரே குழந்தைக்கு நடந்ததுபோல் கோத்து எழுதியிருக்கிறேன். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பெற்றோருக்கே பல நேரம் தெரிவதில்லை. "பொம்மை வச்சு விளையாடறதுக்கா இவ்வளவு தூரம் வரணும்?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது வாரமே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்புக்குக் குழந்தை வருவதில்லை. தெரபிஸ்ட் அம்மாவை மட்டும் வரச்சொல்லி, மரணம் எப்படி நடந்தது, குழந்தை எதைப் பார்த்தாள், எதைக் காதில் வாங்கினாள் என்று நிதானமாகக் கேட்பார். பிறகு முக்கியமான கேள்வி வரும்: "பாப்பாகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"தூங்கறார்னு சொல்லியிருக்கோம் மேடம்."

தூங்கப்போன அப்பா திரும்பவே இல்லை என்றால் தூக்கம் ஆபத்தானது. ஐந்து வயது மூளைக்கு இது நேரான கணக்கு. பாப்பா ஏன் தூங்க மறுக்கிறாள் என்பதற்குப் பாதி விடை அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. "ஊருக்குப் போயிருக்கார்" என்று சொன்னால் குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "சாமி கூட்டிக்கிட்டார்" என்றால் பூஜையறைப் பக்கம் போகவே பயப்படும். செத்தவர் திரும்ப வரமாட்டார், அவருக்குப் பசிக்காது, வலிக்காது, குளிராது, எல்லா உயிருக்கும் ஒருநாள் இது நடக்கும் என்பதெல்லாம் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில்தான் பிடிபடத் தொடங்குகிறது. அந்த வயதில் நாம் மூடிமறைத்துப் பேசினால் அவர்களுக்கு இருக்கிற குழப்பம் இரட்டிப்பாகும்.

ஆகவே, பொம்மையைத் தொடுவதற்கு முன்பே சிகிச்சை அம்மாவிடம் ஆரம்பிக்கிறது. வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகப் பேசி முடிவு செய்கிறார்கள். "அப்பாவோட இதயம் வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. டாக்டர் முயற்சி பண்ணியும் சரிபண்ண முடியலை. அப்பா செத்துட்டார். செத்துப்போனா உடம்பு மூச்சு விடாது, வலி தெரியாது, திரும்பி வர முடியாது. தூங்கறது வேற. நாம தூங்கினா காலையில எழுந்திருப்போம்." இதைச் சொல்ல அந்த அம்மாவுக்கு மூன்று நாள் பிடித்தது. சொல்லும்போது அழுதும்விட்டார். அதில் தப்பே இல்லை. அம்மா அழுவதைப் பார்த்த பிறகுதான் இந்த வீட்டில் அழலாம் என்பது பாப்பாவுக்குத் தெரிந்தது.

அறை பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு சாதாரணப் படுக்கையறை அளவு போதும். பேசும் பொம்மை, பட்டனைத் தட்டினால் பாடும் பொம்மை எல்லாம் இங்கே கிடையாது. பொம்மை பேசிவிட்டால் குழந்தைக்குப் பேச என்ன மிச்சமிருக்கும்? ஒரு தட்டில் மணல், குடும்பமாக வைக்க அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, குழந்தைப் பொம்மைகள், சின்ன வீடு, கட்டில், டாக்டர் செட், ஆம்புலன்ஸ், விளையாட்டு போன், களிமண், கலர், அடிக்கவும் உதைக்கவும் ஒரு பெரிய காற்றடைத்த பொம்மை, வாயைப் பிளக்கும் முதலை. துக்கத்தில் இருக்கும் குழந்தைக்கென்று மூடிபோட்ட ஒரு பெட்டி, கட்டுப்போடத் துணி, ஒரு சின்ன போட்டோ ஃபிரேம் ஆகியவற்றையும் சேர்த்து வைப்பார்கள். ஒவ்வொரு பொருளும் வாராவாரம் அதே இடத்தில் இருக்கும். ஒரே ராத்திரியில் எல்லாம் தலைகீழான குழந்தைக்கு, போன வாரம் வைத்த ஆம்புலன்ஸ் இந்த வாரமும் அதே தட்டில் இருப்பது பெரிய விஷயம்.

"பாப்பா, இது விளையாடற ரூம். இங்க இருக்கறதை வச்சு உனக்குப் பிடிச்ச மாதிரி நிறைய விதமா விளையாடலாம்." முதல் நாள் தெரபிஸ்ட் சொல்வது இவ்வளவுதான். "என்ன வேணும்னாலும் செய்யலாம்" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லை ஒன்று இருக்கிறது, ஆனால் தேவைப்படும்போதுதான் அதைச் சொல்வார். பிறகு கீழே உட்கார்ந்துவிடுவார். நாற்பத்தைந்து நிமிடமும் வழிநடத்துவது குழந்தைதான்.

இந்த முறையை முறையாக எழுதிவைத்தவர் அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன். 1947-இல் வந்த அவருடைய நூல்தான் இன்றைக்கும் இந்தத் துறைக்கு அடித்தளம். குழந்தையை அவசரப்படுத்தாதே, அது போகும் வழியில் பின்னால் போ என்பது அவர் வகுத்த நெறிகளில் ஒன்று. பெரியவர்களுக்குச் சொற்கள் எப்படியோ, குழந்தைகளுக்குப் பொம்மைகள் அப்படி என்ற எண்ணத்தை அவருக்குப் பின் வந்த கேரி லேண்ட்ரத் பரவலாக்கினார்.

முதல் மூன்று வாரம் பாப்பா எதையும் 'விளையாடவே' இல்லை. தட்டுகளில் இருந்ததை எடுத்து வரிசையாக வைத்தாள், திரும்ப எடுத்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். சாதாரணமாக நாம் என்ன செய்வோம்? "அம்மா எங்கயும் போகமாட்டாங்க, நீ விளையாடு" என்போம். தெரபிஸ்ட் சொன்னது வேறு: "அம்மா அங்கேயே இருக்காங்களான்னு உனக்கு நல்லாத் தெரிஞ்சுக்கணும்." பாப்பா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். தன் மனதில் ஓடுவதை ஒருவர் வெளியில் சொன்னதைக் கேட்ட பார்வை அது. மூன்றாம் வாரக் கடைசியில் கதவு திறப்பது இரண்டு தடவையாகக் குறைந்தது.

நாலாவது வாரம் அப்பா பொம்மையை மணலில் புதைத்தாள். "காணோம்" என்றாள். தோண்டி எடுத்தாள். "இருக்கு!" மறுபடி புதைத்தாள். அன்றைக்கு மட்டும் பதினான்கு தடவை. அதற்கடுத்த வாரம் ஆம்புலன்ஸ் வந்தது. சைரன் போட்டுக்கொண்டு அறை முழுக்கச் சுற்றும். வீட்டுக்கு ஒரு சாண் தூரம் இருக்கும்போது நின்றுவிடும். ஒரு தடவை பெட்ரோல் இல்லை. ஒரு தடவை டயர் பஞ்சர். ஒரு தடவை ரோட்டில் மாடு. எப்படியானாலும் கட்டிலில் கிடக்கும் அப்பா பொம்மையிடம் அது போய்ச் சேரவே இல்லை.

இதை வீட்டில் செய்தால் நாம் பதறிப்போய்ப் பிடுங்கிவிடுவோம். "அபசகுனமா விளையாடாதே" என்று ஒரு அதட்டு போடுவோம். இல்லை என்றால் நாமே ஆம்புலன்ஸைத் தள்ளிக்கொண்டு போய் அப்பாவைப் பிழைக்க வைத்துவிடுவோம். தெரபிஸ்ட் இரண்டையும் செய்வதில்லை. "எவ்வளவு வேகமா ஓட்டினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியலை" என்றார். பாப்பா தலையை நிமிர்த்தாமல், "ஆமா. லேட்டு" என்றாள். அப்பா இறந்த ஐந்து மாதத்தில் அதைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

தெரபிஸ்ட் பேசும் விதத்தில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. பாப்பா பெயர் வைக்கும் வரை எந்தப் பொம்மைக்கும் அவர் பெயர் வைப்பதில்லை. "அதை எடுத்து உள்ள வைக்கிற" என்பார். நமக்குக் கார் என்று தெரிவது அவளுக்கு அப்பாவை ஏற்றிப்போன வண்டியாக இருக்கலாம். "ஏன்?" என்று கேட்பதில்லை. ஐந்து வயதுக்கு ஏன் என்று தெரியாது, கேட்டால் மிரண்டு நிறுத்திவிடும். "அழகா வரைஞ்சிருக்கியே" என்று புகழ்வதும் இல்லை. புகழ்ந்தால் குழந்தை அடுத்த வாரம் அழகாக மட்டுமே வரையும். உள்ளே இருக்கும் அசிங்கமும் பயமும் தாளுக்கு வராது.

ஏழாவது வாரம் பாப்பா கைநிறைய மணலை அள்ளித் தெரபிஸ்ட் முகத்தை நோக்கி ஓங்கினாள். இங்கேதான் எல்லை வருகிறது. "உனக்கு என்மேல ரொம்பக் கோபம். என்மேல மணல் எறியக் கூடாது. அந்தப் பெரிய பொம்மையை அடிக்கலாம்." கோபத்தை ஒப்புக்கொள்வது, எல்லையைச் சொல்வது, வேறு வழி காட்டுவது. இந்த மூன்றும் இந்த வரிசையில்தான் வரவேண்டும். பாப்பா அந்தப் பொம்மையை மூச்சு வாங்கும் வரை உதைத்தாள். செத்துப்போன அப்பாமேல் கோபம் வருவது குழந்தைக்குச் சகஜம். ஆனால் மாலை போட்ட படத்துக்கு முன்னால் அந்தக் கோபத்தைக் காட்ட எந்த வீட்டிலும் இடமில்லை.

எட்டாவது வாரத்தில் ஒரு மாற்றம். பாப்பா சின்னப் பெண் பொம்மையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் திணித்தாள்.

"இவ கெட்டவ."

"அவ ஏதோ தப்பு பண்ணிட்டதா தோணுது."

"தண்ணி கேட்டா. அப்பா எழுந்துட்டாரு."

அவ்வளவுதான். வேறொரு பொம்மையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரி பாப்பா தாகம் என்று எழுப்பியிருக்கிறாள். அப்பா தண்ணீர் எடுக்க எழுந்தபோதுதான் விழுந்திருக்கிறார். அம்மாவுக்கு இது தெரியும். ஆனால் பாப்பா இதை இப்படிக் கணக்குப் போட்டு வைத்திருப்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை. தான் நினைத்தது, சொன்னது, செய்தது எல்லாம் உலகத்தில் விளைவு உண்டாக்கும் என்று நம்பும் வயது இது. "போ, உன்கூட டூ" என்று சொன்ன மறுநாள் அம்மா இறந்துபோனால், தான் சொன்னதால்தான் என்று குழந்தை நினைக்கும். யாரிடமும் சொல்லாது. கேட்டாலும் சொல்லாது. பொம்மையிடம் மட்டும் சொல்லும்.

இந்த இடத்தில் தெரபிஸ்டுகளுக்குள்ளேயே இரண்டு வழிகள் உண்டு. ஆக்ஸ்லைன் வழியைக் கறாராகப் பின்பற்றுகிறவர், "தண்ணி கேட்டதாலதான்னு நினைக்கிறா. அது அவளுக்கு ரொம்ப பாரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குழந்தை அடுத்து எங்கே போகிறதோ அங்கே போவார். இன்னொரு சாரார், தவறான ஒரு தகவல் குழந்தையை அரித்துக்கொண்டிருக்கும்போது அதைத் திருத்த வேண்டும், காத்திருக்கக் கூடாது என்பார்கள். பாப்பாவின் தெரபிஸ்ட் முதலில் முன்னதைச் செய்தார். அதற்கடுத்த வாரம் டாக்டர் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்த சின்னவளிடம் பேசினார்: "தண்ணி கேட்டா யாருக்கும் இதயம் நிக்காது. உங்க அப்பா இதயத்துல முன்னாடியே ரத்தம் போற குழாய் அடைச்சிருந்தது. நீ கேட்காம இருந்திருந்தாலும் அடைச்சிருக்கும்." அம்மாவிடமும் அதே வார்த்தைகளை வீட்டில் சொல்லச் சொன்னார். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது வழிதான் சரியென்று படுகிறது. இப்படி ஒரு பாரத்தை ஐந்து வயதுக் குழந்தை ஒரு வாரம் கூடுதலாகச் சுமக்க வேண்டியதில்லை.

திரும்பத் திரும்ப ஒரே விளையாட்டு என்றால் அது குணமாகிறதா, குழிக்குள் இழுக்கிறதா என்று எப்படித் தெரியும்? 1976-இல் அமெரிக்காவின் சௌச்சில்லா என்ற ஊரில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்த மனநல மருத்துவர் லெனோர் டெர் இதற்கு ஒரு விடை தந்தார். அதிர்ச்சியில் மாட்டிக்கொண்ட குழந்தையின் விளையாட்டில் சந்தோஷமே இருக்காது. அச்சுப் பிசகாமல் அதே காட்சி, அதே முடிவு வரும். விளையாடி முடித்த பிறகு குழந்தை இறுகிப்போயிருக்கும். நிம்மதி வராது. அப்படித் தெரிந்தால் தெரபிஸ்ட் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். உள்ளே புகுந்து காட்சியை மெதுவாக்குவார், உதவிக்கு ஒரு புது ஆளைக் கொண்டுவருவார், குழந்தையை மூச்சை இழுத்து விடச் சொல்வார். பாப்பாவின் விளையாட்டு அப்படி உறையவில்லை. பெட்ரோல், பஞ்சர், மாடு என்று ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருந்தது. தெரபிஸ்ட் தன் குறிப்பில் தேடுவது அந்தச் சிறு மாற்றத்தைத்தான்.

பன்னிரண்டாவது வாரம் ஆம்புலன்ஸ் வீடு வந்து சேர்ந்தது. பாப்பா டாக்டர் பொம்மையை இறக்கி, ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கச் செய்தாள். "செத்துட்டார்" என்றாள். அப்பா பொம்மையைப் பெட்டியில் படுக்க வைத்து, துணி போர்த்தி, மூடினாள். பிறகு கட்டிலுக்கு அடியில் கிடந்த சின்னவளை வெளியே எடுத்தாள். பாட்டி பொம்மை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. சின்னவள் குடித்துவிட்டுப் படுத்தாள்.

இந்த விளையாட்டில் அப்பா பிழைக்கவில்லை. கதை சுபமாக முடியவும் இல்லை. ஆனால் தண்ணீர் கேட்டவளுக்குத் தண்ணீர் கிடைத்தது, அவள் பக்கத்தில் ஒருவர் இருந்தார். அந்த வாரம் வீட்டில் பாப்பா படுக்கையை நனைத்தது ஒரே நாள்தான் என்று அம்மா சொன்னார்.

வெளியே வந்ததும் "என்ன விளையாடினே?" என்று கேட்டுத் துளைக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுவார்கள். பொதுவாக எந்தத் திசையில் போகிறது என்பதை மட்டும் சில வாரத்துக்கு ஒருமுறை அம்மாவிடம் தனியாகப் பேசுவார்கள். கூடவே வீட்டில் வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம், போனைத் தள்ளிவைத்துவிட்டு, குழந்தை வழிநடத்த அம்மா கூட உட்கார்ந்து விளையாடப் பழக்குவார்கள். பெற்றோரையே பயிற்றுவிக்கும் இந்த முறையை 1960-களில் பெர்னார்ட், லூயிஸ் கெர்னி தம்பதி உருவாக்கினார்கள். 2005-இல் 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், பெற்றோர் இப்படிப் பங்கெடுத்த சிகிச்சைகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அந்த 93-உம் பலவிதமான சிக்கல்களோடு வந்த குழந்தைகளைப் பற்றியவை. துக்கத்துக்கு என்று தனியாக எடுத்துக்கொண்டால் ஆய்வுகள் குறைவு.

சிகிச்சையை முடிப்பதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது. பாப்பாவின் அப்பா சொல்லிக்கொள்ளாமல் போனவர். தெரபிஸ்டும் ஒருநாள் திடீரென்று இல்லாமல் போனால் அதே காயம் மறுபடி. அதனால் நாலு வாரம் முன்பே சொல்லிவிட்டார். கலர்த் தாளில் நாலு வளையம் கோத்துச் சங்கிலி செய்து, வாரத்துக்கு ஒன்றாகப் பாப்பாவே கிழித்தாள். பத்தொன்பதாவது வாரம் கடைசி வளையம். அன்றைக்கு அவள் ஆம்புலன்ஸைத் தொடவே இல்லை. களிமண்ணில் தோசை சுட்டாள். கிளம்பும்போது கதவருகில் நின்று, "டாட்டா ஆன்ட்டி, நான் போயிட்டு வரேன்" என்றாள்.

இது நிரந்தர முடிவு என்று எந்த நல்ல தெரபிஸ்டும் சொல்லமாட்டார். எட்டு வயதில் இன்னும் கொஞ்சம் புரியும், வயதுக்கு வரும்போது வேறுவிதமாகப் புரியும், ஒவ்வொரு தடவையும் பாப்பா அப்பாவை இழப்பாள். அப்போது மறுபடி சில வாரம் வர வேண்டியிருக்கலாம்.

பெற்றோரை இழந்த எல்லாக் குழந்தைக்கும் இந்த அறை தேவையும் இல்லை. பாஸ்டன் பகுதியில் 70 குடும்பங்களைச் சேர்ந்த 125 பள்ளிப் பிள்ளைகளை வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆண்டுக் கடைசியில் கடுமையான சிக்கல் இருந்தது ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான். குழந்தை எப்படித் தேறுகிறது என்பதை எல்லாவற்றையும்விட அதிகம் தீர்மானித்தது, மிஞ்சியிருக்கும் அம்மாவோ அப்பாவோ எப்படி இருக்கிறார் என்பது. அந்த அம்மாவுக்குச் சமைத்துக் கொடுங்கள், தூங்க விடுங்கள், ஆஸ்பத்திரி, பேங்க் அலைச்சலில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது குழந்தைக்கான சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

சில மாதங்கள் கழித்தும் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் மூன்றும் சீராகவில்லை என்றால், அப்பாவிடம் போகணும், சாகணும் என்று குழந்தை சொன்னால், அல்லது மரணத்தை நேரில் பார்த்திருந்தால் தாமதிக்காதீர்கள். ப்ளே தெரபிக்கென்று நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். உளவியலில் என்ன படித்தீர்கள், குழந்தைகளோடு விளையாட்டு வழியாக வேலை செய்ய எங்கே பயிற்சி எடுத்தீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை செய்ய மூத்தவர் யாராவது இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால், மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம்.